லிந்துலையில் ஆனி மழை, பதுளையில் மார்கழி மழை

ஜூன் மாதத்தில் தலவாக்கலையில் பதுளை ரயில் ஏறுகிறவர்கள் கம்பளிச் சட்டையும் குடையுமாகத்தான் ஏறுவார்கள். நானுஓயா, அம்பேவெல, பட்டிப்பொல வரை ஜன்னலுக்கு வெளியே மூட்டமும் தூறலும் விடுவதில்லை. பட்டிப்பொலைக்கு அப்பால், 1,898 மீற்றர் உயரத்தில் ரயில் பாதையின் உச்சி இருக்கிறது. அதைக் கடந்து சுரங்கத்தைத் தாண்டி ஒஹியப் பக்கம் இறங்கும்போது பல நாட்களில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். டிசம்பர் கடைசியில் இது தலைகீழ். பதுளையிலும் பசறையிலும் மழை கொட்டும். லிந்துலைக்கும் ஹற்றனுக்கும் திரும்புகிறவர்கள் நீல வானத்தைப் பார்ப்பார்கள்.

ஒரு மலைத்தொடருக்கு இரண்டு பக்கத்திலும் இரண்டு மழைக்காலம் எப்படி வந்தது? காற்று திசை மாறுவதால் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். அந்தப் பதில் சரிதான், ஆனால் பாதிப் பதில். தென்மேல் காற்று ஜூனில் லிந்துலையைப் போலவே மன்னாரிலும் அடிக்கிறது. மன்னார் மேற்குக் கரையில், காற்று வரும் கடலைப் பார்த்தபடிதான் இருக்கிறது. ஆனாலும் அங்கே ஜூனில் மழை இல்லை. யாழ்ப்பாணத்தில் இதே காற்றைச் சோளகம் என்கிறார்கள்; அங்கும் அது புழுதியைத்தான் கிளப்புகிறது. காற்று வந்தால் போதாது. அதை மேலே தூக்க ஏதாவது வேண்டும்.

முதலில் காற்று எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். மார்ச் 21க்குப் பிறகு சூரியன் வடக்கே நகர்கிறது. தரை சீக்கிரம் சுடும், கடல் மெதுவாகத்தான் சுடும். மே மாதத்துக்குள் வடமேற்கு இந்தியாவும் பாகிஸ்தானும் கொதித்து, அங்கே காற்று லேசாகி மேலெழுந்து தாழமுக்கம் உருவாகிவிடுகிறது. திபெத் மேட்டுநிலமும் வெயிலில் சூடாகி, அதற்கு மேலிருக்கும் வளிமண்டலத்தைச் சூடாக்குகிறது. அதே நேரத்தில் தெற்கு அரைக்கோளத்தில் குளிர்காலம். மடகஸ்காருக்குக் கிழக்கே இந்து சமுத்திரத்தில் உயரமுக்கம் வலுத்து நிற்கும். உயரமுக்கத்திலிருந்து தாழமுக்கத்துக்குக் காற்று ஓடியே ஆக வேண்டும். அப்படிப் புறப்படும் காற்று ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வெதுவெதுப்பான கடலின் மேல் வந்து, வழியெல்லாம் ஈரத்தை ஏற்றிக்கொண்டு மத்திய கோட்டைத் தாண்டுகிறது.

தரைக்கும் கடலுக்கும் உள்ள சூட்டு வித்தியாசம்தான் காரணம் என்று எட்மண்ட் ஹாலி 1686இலேயே எழுதினார். அதை மட்டும் வைத்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வரும் காற்று நேரே வடக்கே போக வேண்டும். அது ஏன் நம் மேற்குக் கரையில் வந்து மோதுகிறது? பூமியின் சுழற்சியால். மத்திய கோட்டில் இருக்கும் தரை மணிக்கு சுமார் 1,670 கிலோமீற்றர் வேகத்தில் கிழக்கே போகிறது. வடக்கே போகப் போகச் சுற்றளவு குறைவதால் அந்த வேகமும் குறையும். மும்பாய் இருக்கும் அகலக்கோட்டில் சுமார் 1,580. மத்திய கோட்டிலிருந்து வடக்கே வரும் காற்று தன் பழைய கிழக்கு வேகத்தோடு வருகிறது, கீழே தரையோ மெதுவாகப் போகிறது. ஆகவே காற்று தரையை முந்திக் கிழக்குப் பக்கம் வளைகிறது. தெற்கிலிருந்து வந்தது தென்மேற்கிலிருந்து வருவதாக மாறுகிறது. கிழக்கு ஆபிரிக்காவின் மலைகளும் சோமாலியக் கரையோரமாக அதை ஒடுக்கி வேகப்படுத்தி அனுப்புகின்றன. மே கடைசியில் அது இலங்கையைத் தொடுகிறது. கேரளத்தில் தென்மேல் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1.

இனி மலையேற்றம். கொழும்புப் பக்கம் கடலோரத்தில் 28 பாகை வெப்பத்தில் புறப்படும் காற்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு கிலோ காற்றுக்கு 20 கிராம் அளவில் நீராவி இருக்கிறது. மலை அதை மேலே தூக்கும்போது சுற்றிலும் அமுக்கம் குறைகிறது, காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஈரம் பனிக்காத வரை ஒரு கிலோமீற்றர் ஏற்றத்துக்குச் சுமார் 10 பாகை குறையும். ஏறத்தாழ 400 மீற்றரில் 24 பாகைக்கு வந்ததும் இனி அவ்வளவு நீராவியை அதனால் தாங்க முடியாது. நீராவி துளியாகி முகில் கட்டத் தொடங்குகிறது. நீராவி துளியாகும்போது தன்னுள் இருந்த வெப்பத்தைக் காற்றுக்கே திருப்பிக் கொடுப்பதால், அதற்கு மேல் குளிர்வது மெதுவாகிவிடும். கிலோமீற்றருக்கு 4 பாகைக்குச் சற்று மேல்தான். 1,900 மீற்றரில் பட்டிப்பொல உச்சிக்கு வரும்போது காற்று சுமார் 18 பாகையில் இருக்கும். அந்த ஒரு கிலோவில் இப்போது 16 கிராம் நீராவிதான். மீதி 4 கிராமும் வழியில் மழையாகிவிட்டது என்று வைத்துக்கொண்டால், ஏற்றி வந்த ஈரத்தில் ஐந்தில் ஒரு பங்கை இந்தப் பக்கத்து மலை வாங்கிக்கொண்டது.

இனி அதே காற்று பதுளைக்கு, 680 மீற்றருக்கு இறங்குகிறது. இறங்கும் காற்று நெருங்கிச் சூடாகும். ஆவியாக்குவதற்கு அதில் துளிகள் மிச்சமில்லாததால், கிலோமீற்றருக்கு முழு 10 பாகையும் ஏறும். பதுளையில் அது ஏறத்தாழ 30 பாகை. ஏறி வந்தபோது மேற்கில் இதே உயரத்தில் அது 23 பாகையாக, முகிலுக்குள் நனைந்து கிடந்தது. கிழக்கே 7 பாகை கூடுதலாகச் சூடாகி, தாங்கக்கூடிய ஈரத்தில் 60 சதவீதம்கூட இல்லாமல் வந்து சேர்கிறது. உண்மையில் எல்லாத் துளியும் மழையாக விழுந்துவிடுவதில்லை, பக்கத்துக் காற்றும் கலக்கும். அதனால் வித்தியாசம் பல நாட்களில் இதைவிடக் குறைவு. மட்டக்களப்பில் இந்த வறண்ட காற்றைக் கச்சான் என்கிறார்கள். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை தேயிலைக்குத் தனி மணம் கொடுப்பதும் இதுதான். கொழுந்து மெதுவாகத் துளிர்க்கும். மணம் அதில் செறியும்.

மழை மலையுச்சியில்தான் அதிகம் என்று பலரும் நினைப்பது சரியல்ல. காற்று முதலில் மோதும் சரிவுதான் பெரும்பங்கை வாங்குகிறது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. அதைவிட உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் அதில் பாதிகூட இல்லை. லிந்துலை இரண்டுக்கும் இடையில், சிவனொளிபாதமலைத் தொடருக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே இங்கே அடைமழையைவிட, நாட்கணக்கில் விடாத தூறலும் மூட்டமும்தான் ஜூன், ஜூலையின் அடையாளம். 1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோய்க்கு இதைவிட வசதி வேறில்லை. இலை காயாமல் வெயில் படாமல் இருந்தால் அந்தப் பூஞ்சை இளங்கொழுந்தில் ஏறிவிடும். மேற்கில் அது தென்மேல் மாதங்களின் நோய்; ஊவாவிலோ ஆண்டுக் கடைசியின் நோய்.

செப்டெம்பருக்குப் பிறகு சூரியன் தெற்கே போகிறது. வட ஆசியாவின் தரை வேகமாகக் குளிர்ந்து, சைபீரியாவில் கனத்த குளிர்காற்று குவிந்து உயரமுக்கமாகிறது. இப்போது தாழமுக்கம் இருப்பது தெற்கே. காற்று வடக்கிலிருந்து புறப்பட்டு, அதே சுழற்சியால் வலப்பக்கம் வளைந்து வடகிழக்கிலிருந்து வருகிறது. சைபீரியாவின் உறைகுளிர் நம்மை எட்டாமல் இமயம் தடுக்கிறது. நிலத்திலிருந்து வருவதால் தொடக்கத்தில் வறண்ட காற்றுதான். வங்காள விரிகுடாவைக் கடக்கும்போதுதான் ஈரம் ஏறுகிறது. அதனால்தான் அதன் மழை கடலின் இந்தக் கரையில் இருக்கும் சென்னைக்கும் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் கிடைக்கிறது.

அப்படியானால் யாழ்ப்பாணத்தில் மலை ஏது, அங்கே எப்படி மார்கழியில் பெய்கிறது என்று கேட்பது நியாயம். வடகீழ் மழை தென்மேல் மழையைப் போன்றதல்ல. அதைத் தூக்குவது பெரும்பாலும் மலையல்ல, விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்கள். சுற்றிலும் இருந்து காற்று அவற்றை நோக்கி வந்து குவிந்து, போக வேறு இடமில்லாமல் மேலெழும். ஆகவே மலையில்லாத ஊரிலும் பெய்கிறது. ஆகவேதான் இந்த மழை ஒரே சீராக வராமல், இரண்டு மூன்று நாள் கொட்டி ஒரு வாரம் ஓய்கிறது. தாழமுக்கம் முற்றினால் புயல். 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைச் சிதைத்தது அப்படி வந்ததுதான். நிலத்துக்கு வந்த காற்று ஊவாச் சரிவில் ஏறும்போது மலை தன் பங்குக்கு இன்னும் பிழிகிறது. நம் பக்கம் இறங்கும்போது அது வறண்ட குளிர்காற்று. ஜனவரி முதல் மார்ச் வரை டிம்புள்ளத் தேயிலைக்கு நல்ல விலை கிடைக்கும் காலம் இதுதான். அக்கரப்பத்தனையில் விடியற்காலைப் பனி கொழுந்தைக் கருக்குவதும், சிவனொளிபாதமலை யாத்திரை டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடிவதும் இந்த உலர் காலத்தை ஒட்டித்தான்.

இரண்டு காற்றுக்கும் இடையில் இரண்டு இடைக்காலம் உண்டு. மார்ச், ஏப்ரலில் காலையில் வெயில், பின்னேரத்தில் இடிமழை. அக்டோபர், நவம்பர்தான் ஆபத்தானது. இரு அரைக்கோளத்துக் காற்றும் சந்திக்கும் பட்டி அப்போது இலங்கைக்கு மேலாகத் தெற்கே நகர்கிறது, விரிகுடாவில் தாழமுக்கங்களும் எழும்புகின்றன. இந்த இரண்டு மாதத்தில் மலையின் எந்தப் பக்கமும் மழைநிழல் அல்ல.

மண்சரிவுகளின் தேதிகளைப் பார்த்தால் இது தெரியும். மேற்குச் சரிவில் அரநாயக்க மலை சரிந்தது 2016 மே 17இல். தென்மேல் காலம் தொடங்கும் நேரம். அந்த முறை விரிகுடாவில் எழுந்த தாழமுக்கமும் சேர்ந்து மழையைக் கூட்டியது. ஊவாவில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதைந்தது 2014 அக்டோபர் 29இல், இடைக்காலத்தில்.

ஆகவே சரிவுக்குக் கீழே லயத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். லிந்துலை, தலவாக்கலை, ஹற்றன் பக்கத்தவர்கள் மே கடைசி முதல் செப்டெம்பர் வரையும், பதுளை, பசறை, ஹப்புத்தளைப் பக்கத்தவர்கள் நவம்பர் முதல் ஜனவரி வரையும் மழையளவைக் கவனியுங்கள். அக்டோபர், நவம்பரில் இரு பக்கத்தவர்களும் கவனிக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டி மழை தொடர்ந்தால் விழிப்பாக இருங்கள். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகுங்கள். 150ஐத் தாண்டினால் அங்கே இருக்கக் கூடாது. தோட்டத்து மழைமானியை ஒவ்வொரு காலையும் படித்துக் குறிக்கிறார்கள். அந்த எண்ணைத் தோட்ட அலுவலகத்தில் கேளுங்கள். தொழிலாளர் கண்ணில் படும்படி அதைப் பெரட்டுக் களத்தில் எழுதிப் போடச் சொல்லுங்கள்.