மே 26 திங்கட்கிழமை வேலைக்கு வருவார்

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் இன்ஜினியராக இருக்கிறான் என் சித்தப்பா மகன். ஜெர்மனியில் இருக்கும் அக்காவைப் பார்க்க 2025 மே மாதம் இரண்டு வாரப் பயணம். ஷெங்கன் விசாவுக்காக எச்.ஆர். எழுதிய கடிதத்தை, "சரியா இருக்கான்னு பாருங்கண்ணா" என்று எனக்கு அனுப்பினான். மூன்றே வரி: இவர் எங்கள் ஊழியர், மாதச் சம்பளம் 80,000 ரூபாய், வெளிநாடு செல்ல எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

கம்பெனிக்கு ஆட்சேபணை இல்லை என்பது மட்டும் விசா அதிகாரிக்குப் போதாது. விசா மறுப்புப் படிவத்தில் முன்கூட்டியே அச்சடித்திருக்கும் காரணங்களில் ஒன்று, 'விசா முடிவதற்குள் இவர் திரும்பிப் போவாரா என்பதில் நியாயமான சந்தேகம் உள்ளது' என்பது. இந்தக் கடிதம் பதில் சொல்ல வேண்டியது அதற்குத்தான்.

முதல் சிக்கல் சம்பளத்தில். வருட சி.டி.சி. 9,60,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்து 80,000 என்று எழுதிவிட்டார்கள். கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, வருடக் கடைசியில் வரும் போனஸ் எல்லாம் அதில் அடக்கம். பே ஸ்லிப்பிலோ மொத்தச் சம்பளம் 72,000. பிடித்தம் போக வங்கிக் கணக்கில் விழுவது 66,500. மூன்று காகிதத்தில் மூன்று தொகை! நமக்குக் கணக்கு புரிகிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, கடிதத்தில் ஏற்றி எழுதியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். மொத்தம் 72,000, பிடித்தம் போக 66,500 என்று இரண்டையும் எழுதச் சொன்னேன்.

பதவியும் இடித்தது. விண்ணப்பத்தில் இவன் டிசைன் இன்ஜினியர். கடிதத்தில் 'சீனியர் எக்ஸிகியூட்டிவ்'. அது கம்பெனியின் உள் கிரேடாம். பே ஸ்லிப்பில் இருப்பதையே போட்டு, வேலையில் சேர்ந்த தேதியையும் சேர்த்தார்கள்.

லீவைப் பற்றிக் கடிதத்தில் பேச்சே இல்லை. கேட்டால், மே 12 முதல் 23 வரை பத்து நாள் சாங்க்ஷன் ஆகியிருக்கிறது என்றான். டிக்கெட்டோ 10ஆம் தேதி கிளம்பி 25ஆம் தேதி ஊர் சேர்வதற்கு. இரு பக்கமும் சனி ஞாயிறு. அதைச் சொல்லாமல் விட்டால், லீவு முடிந்தும் ஆள் ஊர் சுற்றுவதாகத் தெரியும். 'விண்ணப்பித்துள்ளார்' என்ற சொல்லும் உதவாது. கடைசியில் இப்படி எழுதினார்கள்: 'மே 12 முதல் 23 வரை சம்பளத்துடன் விடுப்பு அனுமதிக்கப்பட்டுள்ளது. மே 10, 11, 24, 25 வார விடுமுறை. மே 26 திங்கட்கிழமை பணிக்குத் திரும்புவார்.'

கையெழுத்துக்குக் கீழே எச்.ஆர். மேனேஜரின் பெயர், பதவி, கம்பெனி மெயில், ஆபீஸ் போன் எண். சரிபார்க்க அந்த எண்ணுக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரோடு நீளமாக இருப்பவன், ஆபீஸில் எல்லோருக்கும் வெறும் 'குமார்'. ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணிடம் போய் முழுப் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.