"கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு சார்"

ஒரு ஜவுளிக்கடைக்கு இணையதளம் செய்து தரும் சிறு நிறுவனம். ஒப்படைக்க வேண்டிய நாள் செப்டம்பர் 15, திங்கள். அன்று காலை வாட்ஸ்அப்பில் கடைக்காரர், "எப்ப ரெடியாகும்?" என்று கேட்கிறார்.

"கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு சார், சின்ன வேலைதான் பாக்கி" என்று பதில் போகிறது.

இதை நம்பி அவர் தீபாவளி விளம்பரத்துக்குப் பணம் கட்டிவிடலாம். உண்மையில் பாக்கி இருப்பது பணம் செலுத்தும் வசதி. அது இல்லாமல் ஒரு புடவைகூட விற்க முடியாது.

புதுத் தேதி சொல்லும் முன் பாக்கி வேலையைப் பிரித்துக் கணக்கிட வேண்டும். கட்டண நிறுவனத்தின் ஒப்புதலுக்கு 5 வேலை நாள், சோதனைக்கு 3, கைவசம் 2. ஆக, 29ஆம் தேதி. இனி எழுதலாம்:

"சார், இன்று தளத்தை ஒப்படைக்க முடியவில்லை. துணி வகைகளின் பட்டியலும் ஆர்டர் பகுதியும் தயார். பணம் செலுத்தும் வசதி முடியவில்லை. அதற்கான ஆவணங்களை நாங்கள் தாமதமாக அனுப்பியதே காரணம். புதுத் தேதி 29. ஒப்புதல் 22ஆம் தேதிக்குள் வராவிட்டால் அன்று மாலையே சொல்கிறோம். அப்படியானால், பொருள் கைக்கு வந்ததும் பணம் வாங்கும் முறையில் 29ஆம் தேதியே தொடங்கலாம். அதுவரை விளம்பரத்தை நிறுத்தி வையுங்கள்."

கடைக்காரர் கோபப்படலாம். ஆனால் விளம்பரப் பணம் தப்பும். 22ஆம் தேதி மாலை, நல்ல செய்தியானாலும் கெட்ட செய்தியானாலும், அவர் கேட்கும் முன்பே தகவல் போயாக வேண்டும். அது தவறினால் 29ஐயும் அவர் நம்பமாட்டார்.