மேலே குளிரு.. கீழே புழுக்கம்! கொடைக்கானல் டிரைவர்களுக்கு நாடித்துடிப்பு எகிறுவது ஏன்?

கொடைக்கானலில் காலையில் ஸ்வெட்டரோடு வண்டியை எடுத்து, மதியம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்கும்போது பலரும் சொல்வது இதுதான்: "சும்மா உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சு படபடன்னு அடிக்குது."

இதற்குக் காரணம் என்ன?

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1,000 மீட்டர் கீழே இறங்கினால் வெப்பம் சுமார் 6 டிகிரி கூடும். அடிவாரத்துக்கு வரும்போது 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது.

உடல் சூட்டைத் தணிக்க, இதயம் தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்பும். வியர்வை காய்ந்தால்தான் சூடு குறையும். கோடை மழைக்கு முந்தைய புழுக்கத்தில் வியர்வை காயாமல் வழிந்து ஓடுவதால், தண்ணீர் போகிறது, சூடு போவதில்லை. ரத்தத்தில் நீர் குறைந்ததும் ஒவ்வொரு துடிப்பிலும் போகும் ரத்தமும் குறையும். அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது.

வெயிலுக்கு உடல் பழக 1 முதல் 2 வாரம் ஆகும். மலையில் தங்கி, எப்போதாவது கீழே வருபவருக்கு அந்தப் பழக்கம் இருக்காது. அதனால் அதே மூட்டையைத் தூக்கும் உள்ளூர்க்காரரைவிட அவரது இதயம் அதிகம் உழைக்கும்.

3 நிமிடத்தில் எப்படித் தெரிந்துகொள்வது?

வேலையை நிறுத்தி நிழலில் உட்காருங்கள். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். முதல் நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும்.

உதாரணமாக, மூட்டை இறக்கிய ஒருவருக்கு முதலில் 124, பிறகு 118 என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 6 மட்டுமே. மூன்றாவது நிமிடத்திலும் 90க்கு மேல் இருந்து, 10 கூடக் குறையவில்லை என்றால் உடல் மீளவில்லை என்று அர்த்தம். அவர் நிழலில் ஓய்வெடுத்து, தண்ணீர் குடித்து, அடுத்த சுற்று வேலை நேரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். அடுத்த முறை 108, பிறகு 86 என்று வந்தால் பயப்பட வேண்டாம்.

காலையில் எழுந்ததும், டீ குடிக்கும் முன் ஒருமுறை எண்ணுவதும் நல்லது. வழக்கமாக 68 இருப்பவருக்கு தொடர்ந்து 80ஐத் தாண்டினால், முந்தைய நாள் களைப்பும் நீரிழப்பும் தீரவில்லை என்று சந்தேகிக்கலாம். காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு பிரச்னையிலும் இப்படி ஆகும் என்பதால், குறையாவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

பிரஷருக்கு அட்டினோலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு சூடு ஏறினாலும் நாடி அவ்வளவாக ஏறாது. அவர்கள் இந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

நெஞ்சுவலி, மயக்கம், பேச்சுக் குழறல், குழப்பம் வந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108க்கு அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை உடலில் தண்ணீர் ஊற்றி விசிறிவிட வேண்டும்.