பழைய கைப்பேசியை அழிக்கும் முன்

சென்ற ஆண்டு பழைய கைப்பேசியைக் கொடுத்துப் புதியது வாங்கினேன். படங்கள், தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் எல்லாம் புதியதற்கு வந்துவிட்டன. கடையிலேயே பழையதை முழுவதும் அழித்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் பள்ளியின் கூகுள் கணக்கில் நுழைய முயன்றபோது ஆறு இலக்க எண்ணைக் கேட்டது. புதிய கைப்பேசியில் ஆத்தென்டிகேட்டர் செயலி இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. மீட்பு எண்ணாகப் பதிவாகியிருந்ததோ பணி ஓய்வு பெற்ற முன்னாள் தலைமையாசிரியருடையது. பத்தாம் வகுப்பு மாதிரி வினாத்தாள்கள் ஒன்பது நாள் கைக்கு எட்டாமல் கிடந்தன.

ஏன் இப்படி ஆகிறது? இருபடிச் சரிபார்ப்பை அமைக்கும்போது நாம் ஸ்கேன் செய்யும் க்யூஆர் கோடுக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் வைத்து, செயலி 30 விநாடிக்கு ஒரு எண்ணைக் கணக்கிடுகிறது. இதற்கு இணையமோ சிம்மோ தேவையில்லை. ஆகவே சிம்மை மாற்றிப் போட்டாலும் சாவி கூடவே வராது. செயலியைப் புதிதாக நிறுவினால் வெறும் பூட்டு மட்டும் வரும், சாவி பழைய கைப்பேசியில்தான் இருக்கும். கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி 2023இல் வந்தது. அதை இயக்கி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் அந்தக் கூகுள் கணக்கில் நுழையவே இந்த எண் தேவையென்றால், சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதைதான்.

அண்மையில் எங்கள் பள்ளிக் கணினிப் பயிற்றுநர் புதுக் கைப்பேசியோடு வந்தார். “சார், எல்லாம் வந்துடுச்சு. பழசை அழிச்சிடலாமா?” என்றார். “ஆத்தென்டிகேட்டரைத் திறங்க டீச்சர், பார்த்துட்டு அழிக்கலாம்” என்றேன்.

முதலில் இரண்டு கைப்பேசியிலும் தேதி, நேரம் தானாக அமையும்படி வைத்தோம். நேரம் பிசகினால் செயலி தவறான எண்ணைக் காட்டும், கணக்கு அதை ஏற்காது. பிறகு பழையதில் கூகுள் ஆத்தென்டிகேட்டரின் மெனுவில் Transfer accounts, அதில் Export accounts என்று சென்றோம். திரைப்பூட்டின் எண்ணைக் கேட்டது. கணக்குகளைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு க்யூஆர் கோடு வந்தது. கணக்குகள் பத்துக்கு மேல் இருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட கோடுகள் வரும், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்ய வேண்டும். புதியதில் அதே Transfer accounts பகுதியில் Import accounts, Scan QR code என்று கொடுத்துக் கேமராவைக் காட்டினோம். அந்தக் கோட்டை வேறொரு கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்குள் எல்லாச் சாவிகளும் இருக்கின்றன, படம் யார் கையில் கிடைத்தாலும் அவரும் எண்களைப் பெறலாம்.

மாற்றியதும், ஏற்றுமதி செய்த கணக்குகளைப் பழையதிலிருந்து நீக்கலாமா என்று செயலி கேட்கும். அப்போதைக்கு நீக்காதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு கணக்குக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண் தெரிய வேண்டும்.

டீச்சரிடம் நான்கு வரிகள் இருந்தன: சொந்தக் கூகுள் கணக்கு, கிட்ஹப், பள்ளிக் கணக்கு இரண்டு முறை. நான்கிலும் எண்கள் ஒத்துப்போயின. ஆனால் ஒரே பெயரில் இரு வரிகள், இரண்டிலும் வெவ்வேறு எண். எப்போதோ சரிபார்ப்பை மறுபடி அமைத்திருக்கிறார், முதல் சாவி செத்துப்போய்ப் பெயர் மட்டும் நிற்கிறது. இதைச் செயலியைப் பார்த்து அறிய முடியாது, உள்நுழைந்துதான் பார்க்க வேண்டும்.

ஆய்வகக் கணினியில் மறைநிலைச் சாளரம் திறந்து ஒவ்வொரு கணக்கிலும் புதிய கைப்பேசியின் எண்ணை இட்டோம். கூகுள் சில நேரம் எண் கேட்காமல் கைப்பேசியில் ‘ஆம்’ தட்டச் சொல்லும். அப்போது Try another way அழுத்தி ஆத்தென்டிகேட்டர் எண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். பள்ளிக் கணக்குக்கு இரண்டாவது வரிதான் வேலை செய்தது. செத்த வரியை அதன் பிறகே நீக்கினோம்.

கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் பத்துக் காப்பு எண்கள் கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒரு முறைதான் பயன்படும். பள்ளிக் கணக்குக்கான தாளை அச்சிட்டுத் தலைமையாசிரியரின் பீரோவில் வைத்தோம். மீட்பு எண்ணையும் மாற்றினோம். மைக்ரோசாஃப்ட் ஆத்தென்டிகேட்டர் வைத்திருப்பவர்களுக்கு மேற்சொன்ன ஏற்றுமதி முறை பொருந்தாது. அதில் பணி, பள்ளிக் கணக்குகளைக் காப்பிலிருந்து மீட்டாலும் புதியதில் மறுபடி உள்நுழைய வேண்டியிருக்கும். அதையும் பழையது கையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

ஒரு வாரம் பழைய கைப்பேசியை மேசை இழுப்பறையில் வைத்திருந்தார் டீச்சர். எதற்கும் அதை எடுக்க வேண்டியிருக்கவில்லை. எட்டாம் நாள் அதிலிருந்த கூகுள் கணக்கை நீக்கி, முழுவதும் அழித்து, தம்பி மகனிடம் கொடுத்தார்.