ஒரு மாசம் செலவில்லாம இருந்தா, அடுத்த மாசம் என்ன ஆகும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கியிருக்கிறோம்.)

'செலவில்லா மாதம்' சவாலை இரண்டு முறை செய்து பார்த்த ஒரு டீச்சரோடுதான் இன்றைய பேச்சு. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் வேலை பார்க்கிறார். வாரக் கடைசியில் போளூரில் இருக்கும் குடும்பத்திடம் இறங்கி வருவார்.

டீச்சர், முதல் தடவை என்ன ஆச்சு?

புரட்டாசியில ஆரம்பிச்சேன். வீட்ல எப்படியும் கறி கிடையாது, சேர்த்தே விரதம் இருந்துடலாம்னு நெனச்சேன். துணி, ஆன்லைன் சாமான், பேக்கரி, ஓட்டல்னு மாசம் 9,000 போகும். அதுல 8,000 மிச்சம் பிடிச்சேன். ஆனா ஐப்பசி முதல் ஞாயிறு கறிக்கடையில வரிசை நிக்கும் பாருங்க, அந்த மாதிரி ஆயிடுச்சு என் கதை. தீபாவளிச் செலவு தனி. அது போக ரெண்டே வாரத்துல 11,000 காலி. மிச்சம் பிடிச்சதுக்கும் மேல 3,000.

எங்க தப்பு?

மூணு இடத்துல. ஒண்ணு, மாசம் தேர்ந்தெடுத்தது. முடிஞ்ச உடனே பண்டிகை வர்ற மாசத்துல இதை வைக்கவே கூடாது. ரெண்டாவது, விதியே எழுதி வைக்கல. மளிகைக் கடையில கணக்குல எழுதச் சொல்லிட்டு, "காசு கொடுக்கல, அதனால செலவில்லை"ன்னு இருந்தேன். மூணாவதுதான் பெரிசு. பிடிச்சதையெல்லாம் ஆன்லைன் கார்ட்ல போட்டு வச்சிருந்தேன். "மாசம் முடியட்டும்"னு தினமும் திறந்து பார்ப்பேன். அது செலவை நிறுத்துறது இல்லீங்க, தள்ளிப் போடுறது.

இரண்டாவது முறை விதிகள்?

பிப்ரவரியில பண்ணேன். 28 நாள்தான், பெரிய பண்டிகையும் எங்களுக்கு இல்லை. ஒரு நோட்டுல மூணு பத்தி போட்டேன். முதல் பத்தி கட்டாயம் கொடுக்க வேண்டியது: வாடகை, கடன் தவணை, பஸ், மருந்து, பால், மளிகை. ரெண்டாவது, உச்சவரம்போட அனுமதி: மொய், குழந்தைக்கு ஸ்கூல்ல திடீர்னு கேக்குறது. மூணாவது, முழுசா நிறுத்துறது. கடன்ல வாங்குறதும், வீட்டுக்காரரை வாங்கித் தரச் சொல்றதும் செலவுதான்னு எழுதி வச்சோம். ஜனவரி கடைசியில வாங்கிக் குவிக்கக் கூடாதுன்னும் சேர்த்தோம்.

கார்ட்டைக் காலி பண்ணிட்டேன். ஏதாவது வாங்கணும்னு தோணினா பொருள், விலை, தேதி, நேரம் நாலையும் நோட்டுல எழுதணும். அவ்வளவுதான்.

அந்த நோட்டு என்ன சொல்லிச்சு?

மொத்தம் 23 வரி. அதுல 14 சனிக்கிழமை, அதாவது மலையை விட்டு இறங்கி போளூர்ல பஸ் மாறுற நேரம். வாரம் பூரா தனியா இருந்த அலுப்பு அங்கதான் கைக்கு வருது. பொருள் மேல ஆசையே இல்லை. அதனால சனிக்கிழமை பையில வீட்லயே செஞ்ச முறுக்கு ஒரு டப்பா வச்சுக்கிட்டேன். கடைத்தெரு வழியா நடக்காம நேரா அடுத்த பஸ்ஸுக்குப் போனேன்.

மாசக் கடைசியில அந்த 23-ஐயும் பிரிச்சோம். 13 வரியைப் படிச்சா, ஏன் எழுதினேன்னே ஞாபகம் இல்லை. ஆறு, உண்மையிலேயே தேவை: அறுந்த செருப்பு, குக்கர் கேஸ்கெட் மாதிரி. நாலு, இன்னமும் ஆசை இருந்தது.

அப்ப சேமிப்பு எவ்வளவு?

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. கையில நின்னது 7,100. ஆனா அந்த ஆறு சாமானுக்கு 2,450 ஆகும். அது சேமிப்பு இல்லை, தள்ளிப்போன செலவு. கழிச்சா 4,650தான் நிஜம். 7,100-ன்னு நெனச்சுக்கிட்டு இருந்தா, "இவ்வளவு மிச்சம் இருக்கே"ன்னு கை நீளும்.

மார்ச்சில் எப்படிக் கட்டுப்படுத்தினீங்க?

முதல் வேலை நாள்லயே 4,500-ஐ அஞ்சலக சேமிப்புக் கணக்குல போட்டுட்டேன். அதுக்கு ஏடிஎம் கார்டு வாங்கலை. எடுக்கணும்னா நேர்ல போகணும். தேவையான ஆறையும் முதல் வாரமே வாங்கினோம். ஆசைப்பட்ட நாலுக்கும் சேர்த்து 3,200, வாரத்துக்கு ஒண்ணு. மூணாவது வாரம் வந்தப்ப நாலாவது வேண்டாம்னு ஆயிடுச்சு. மத்த கைச்செலவையும் சேர்த்து மார்ச்சுக்கு 5,000 எல்லை. பூஜ்யத்துல இருந்து நேரா 9,000-க்குத் தாவாம இருக்கத்தான் அது.

பிப்ரவரி கடைசி வாரம் "ஒண்ணாந்தேதி வரட்டும்"னு வாயில வந்துச்சுன்னா உஷாராகணும். விதி ரொம்ப இறுக்கமா இருக்குன்னு அர்த்தம். அப்பவே சின்னதா ஒரு செலவை அனுமதிச்சுடுங்க.

இது எல்லாருக்குமா?

இல்லை. எங்க மலையில புளி, சாமை வித்தாதான் காசு பார்க்கிற வீடுகள் இருக்கு. அவங்களுக்குச் செலவில்லா மாசம் தானா வருது, அதுவும் பல மாசம். அவங்க கிட்ட போய் இதைச் சவால்னு சொல்லக் கூடாது. இது மாசச் சம்பளம் வந்தும், எங்க போச்சுன்னு தெரியாம நிக்கிற என்னை மாதிரி ஆளுங்களுக்கு.