ஐந்து நிமிட சார்ட் சொல்லாமல் விடுவது

தேசியப் பங்குச் சந்தையில் வர்த்தகம் காலை 9.15 முதல் மாலை 3.30 வரை நடக்கிறது. ஐந்து நிமிட சார்ட்டில் அது 75 கேண்டில். நாள் சார்ட்டில் ஒரே ஒரு கேண்டில். அந்த 75-இல் ஆறேழு தொடர்ந்து பச்சையாக வந்துவிட்டால், திரையையே பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பெரிய ஏற்றம் தொடங்கிவிட்டதாகத் தோன்றும். சாயங்காலம் நாள் சார்ட்டைத் திறந்தால் அதற்குத் தடயம்கூட இருக்காது.

உதாரணத்துக்கு ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். மூன்று வாரத்துக்கு முன் 560 ரூபாய். இறங்கும் வழியில் இரண்டு முறை மேலே வர முயன்று, 545-இலும் பிறகு 528-இலும் திரும்பிவிட்டது. உச்சம் ஒவ்வொன்றும் முந்தையதைவிடத் தாழ்வு என்றால் நாள் சார்ட்டில் டிரெண்ட் இறக்கம்தான். இன்று காலை 498 வரை போய், 11.20 மணிக்கு நல்ல வால்யூமுடன் 505-க்கு வருகிறது. ஐந்து நிமிட சார்ட்டில் இது அழகான பிரேக்அவுட். 505-இல் வாங்கி, 502-இல் ஸ்டாப்லாஸ், 511-இல் டார்கெட் என்று போடத் தோன்றும்.

ஒரு மணி நேர சார்ட்டைத் திறந்தால் கதை மாறுகிறது. போன வாரம் முழுக்க 508 சப்போர்ட்டாக இருந்து, முந்தாநாள் உடைந்திருக்கிறது. அங்கே வாங்கியவர்கள் நஷ்டத்தில் மாட்டிக்கொண்டு, போட்ட விலை வந்தால் போதும், விற்றுவிட்டு ஓடலாம் என்று காத்திருப்பார்கள். நம் 511 டார்கெட் அந்தக் கூட்டத்துக்கு அப்பால் இருக்கிறது. தடையில்லாமல் கிடைக்கக்கூடியது மூன்று ரூபாய். இழக்கத் துணிவதும் மூன்று ரூபாய். தரகும் வரியும் போனால் இது நஷ்டக் கணக்கு.

அதனால் இங்கே வாங்குவதில்லை. விலை 507 வரை போய்த் திரும்பி, 505-க்குக் கீழே ஐந்து நிமிட கேண்டில் முடிந்தால் விற்கலாம். ஸ்டாப்லாஸ் 509, கீழே 498 வரை வழி இருக்கிறது. நான்கு ரூபாய் ரிஸ்க்குக்கு ஏழு ரூபாய் வாய்ப்பு. மாறாக, ஒரு மணி நேர கேண்டில் 508-க்கு மேலே முடிந்தால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

'முடிந்தால்' என்பதைக் கவனியுங்கள். 11.15-க்குத் தொடங்கிய மணி நேர கேண்டில் 11.40-க்கு 509-இல் கொழுத்த பச்சையாகத் தெரியலாம். அதுவே 12.15-க்கு மேலே நீண்ட வாலை விட்டுவிட்டு 506-இல் முடியலாம். பெரிய சார்ட்டைப் பார்த்தும் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

இதற்கும் எல்லை உண்டு. டிரெண்ட் திரும்பும்போது பெரிய சார்ட் தாமதமாகத்தான் சொல்லும். முதல் ஏற்றம் கைநழுவிப் போகும். நாள் சார்ட்டே பக்கவாட்டில் போனால் அதனிடம் கேட்க ஒன்றுமில்லை. ரிசர்வ் வங்கி வட்டி முடிவு வரும் நாளில் எந்த சார்ட்டையும் நம்ப முடியாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஐந்து நிமிட சார்ட்டைப் பார்த்து வாங்கி, ஸ்டாப்லாஸ் அடிபடும் நேரத்தில் அதை நீக்கிவிட்டு, "நாள் சார்ட்டில் ஏற்றம்தானே" என்று சமாதானம் தேடுவது. என்ட்ரிக்கு முன்னால் திறக்க வேண்டிய சார்ட் அது. இன்ட்ராடே பொசிஷனைத் தரகு நிறுவனம் சந்தை மூடும் முன்பே முடித்துவிடும். நாள் சார்ட்டின் ஏற்றம் நாளைக்கு வந்தாலும் அவர் கையில் பங்கு இருக்காது.