எண்கோட்டை எங்கே வெட்டுவது?

டியூஷனுக்கு வரும் 11-ஆம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டை நீட்டினாள். கணக்கு இதுதான்:

|x + 2| − |x − 1| ≥ |x − 4|

ஒரு பக்கம் முழுக்க எழுதி, கடைசியில் ‘விடை: x ≥ 1’ என்று கட்டம் கட்டியிருந்தாள். “x-க்கு 10 போட்டுப் பாரும்மா” என்றேன். போட்டாள். இடப்பக்கம் 12 − 9, அதாவது 3. வலப்பக்கம் 6. கணக்கோ இடப்பக்கம் குறையக் கூடாது என்கிறது. “எங்க டீச்சர் தப்பு? ஒவ்வொரு வரியும் சரியாத்தானே இருக்கு?” என்று கேட்டாள்.

அவள் சொன்னது உண்மை. ஒரு வரியில்கூடக் கூட்டல் கழித்தல் பிழை இல்லை. பிழை வரிகளுக்கு வெளியே இருந்தது. அதைப் பார்க்க, அந்த இரண்டு செங்குத்துக் கோடுகளிலிருந்து தொடங்க வேண்டும்.

மட்டு மதிப்பைக் குறிக்கும் அந்தக் கோடுகளை 1841-இல் பயன்படுத்தத் தொடங்கியவர் ஜெர்மானியக் கணிதவியலர் கார்ல் வையர்ஸ்ட்ராஸ். |x − 4| என்றால் எண்கோட்டில் x-க்கும் 4-க்கும் இடையே உள்ள தூரம். தூரம் குறை எண்ணாக வராது. ஆனால் பள்ளியில் இதைப் பெரும்பாலும் ‘மைனஸ் இருந்தால் எடுத்துவிடு’ என்றே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். அது தவறான பாடம் என்பது என் எண்ணம். |−5| = 5 என்ற அளவில் அது செல்லும். x − 4 என்று வந்ததும் நடுவில் தெரியும் மைனஸை எடுத்துவிட்டு x + 4 என்று எழுதும் பிள்ளைகளை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். சரியான விதி வேறு. உள்ளே இருப்பது பூச்சியமோ மிகை எண்ணோ என்றால் அப்படியே விடலாம். குறை எண் என்றால் முழுவதையும் −1-ஆல் பெருக்க வேண்டும். அப்போது x − 4 என்பது 4 − x ஆகிறது.

உள்ளே இருப்பது மிகையா குறையா என்பது x எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. x − 4 குறி மாறுவது 4 என்ற ஒரே இடத்தில்தான். அதேபோல x + 2 மாறுவது −2-இல். X − 1 மாறுவது 1-இல். இவற்றை மாறுநிலைப் புள்ளிகள் என்கிறோம். மூன்று உறுப்புகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு குறிகள் என்றால் எட்டு வகைகளைப் பார்க்க வேண்டுமே என்று தோன்றும். தேவையில்லை. −2-க்கு இடப்புறம் நிற்கும் எண் 4-க்கு வலப்புறமும் நிற்க முடியாது. புள்ளிகளை −2, 1, 4 என்று வரிசையாகக் குறித்து எண்கோட்டை அங்கே வெட்டினால் நான்கு துண்டுகள்தான் கிடைக்கும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் மூன்று குறிகளும் மாறாமல் நிற்கும். அங்கே மட்டுக் கோடுகளை அவிழ்த்துவிட்டு, சாதாரண அசமன்பாடாகத் தீர்க்கலாம்.

முதல் துண்டு, x < −2. மூன்றுமே குறை. இடப்பக்கம் −(x + 2) + (x − 1), அதாவது −3. வலப்பக்கம் 4 − x. எனவே −3 ≥ 4 − x. தீர்த்தால் x ≥ 7.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நாம் −2-ஐ விடச் சிறிய எண்களை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். அவற்றில் 7-க்கு மேற்பட்டது எது? எதுவுமே இல்லை. ஆகவே இந்தத் துண்டில் தீர்வு இல்லை. என் மாணவியோ x ≥ 7 என்பதையே இந்தத் துண்டின் விடையாக எடுத்துக்கொண்டு கடைசியில் சேர்த்துவிட்டாள். 10 அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது. x < −2 என்று வைத்துக்கொண்டதால்தான் மட்டுக் கோடுகளை அப்படி அவிழ்க்க முடிந்தது. வந்த விடையும் அந்த எல்லைக்குள் மட்டுமே செல்லும்.

இரண்டாம் துண்டு, −2 ≤ x < 1. இப்போது x + 2 மிகையாகிவிட்டது. இடப்பக்கம் (x + 2) + (x − 1) = 2x + 1. அது 4 − x-க்குக் குறையாமல் இருக்க x ≥ 1 வேண்டும். ஆனால் இந்தத் துண்டு 1-ஐத் தொடாமல் முடிகிறது. இங்கும் தீர்வு இல்லை.

மூன்றாம் துண்டு, 1 ≤ x < 4. இடப்பக்கம் (x + 2) − (x − 1) = 3. 3 ≥ 4 − x என்றால் x ≥ 1. துண்டு முழுவதுமே தீர்வு.

நான்காவது, x ≥ 4. 3 ≥ x − 4, எனவே x ≤ 7. துண்டோடு பொருத்தினால் 4 முதல் 7 வரை.

கடைசி இரண்டையும் சேர்த்தால் விடை 1 ≤ x ≤ 7. வெட்டிய புள்ளியை எந்தப் பக்கத்துத் துண்டில் சேர்ப்பது என்று பலரும் கேட்பார்கள். எந்தப் பக்கம் சேர்த்தாலும் சரிதான், அந்தப் புள்ளியில் உறுப்பின் மதிப்பு பூச்சியம் என்பதால் குறி எதுவானாலும் ஒன்றே. விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். இந்தக் கணக்கில் 1-ஐ விட்டிருந்தால் ஒரு தீர்வு போயிருக்கும்.

குறியில் சறுக்கியிருக்கிறோமா என்று பார்க்க நான் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்யச் சொல்வேன். ஒவ்வொரு துண்டிலும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்தைக் கழித்து எழுதுங்கள். இங்கே வரிசையாக x − 7, 3x − 3, x − 1, 7 − x என்று வரும். அடுத்தடுத்த இரண்டும் தாங்கள் சந்திக்கும் புள்ளியில் ஒரே மதிப்பைத் தர வேண்டும். −2-இல் முதல் இரண்டும் −9. 1-இல் இரண்டாவதும் மூன்றாவதும் 0. 4-இல் கடைசி இரண்டும் 3. வரைபடமாகப் போட்டால், ஒடிந்தாலும் அறுந்துபோகாத ஒரே கோடு இது. மூட்டில் மதிப்புகள் பொருந்தவில்லை என்றால் எங்கோ ஒரு குறி தவறு என்று அப்போதே தெரிந்துவிடும்.

இதே கணக்கைத் தூரமாகப் பார்த்தால் இன்னொரு வழி உண்டு. −2-லும் 1-லும் இரண்டு ஊர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், இடைத்தூரம் 3. இடப்பக்கம் என்பது அந்த இரண்டு ஊர்களுக்கும் உங்களிடமிருந்து உள்ள தூரங்களின் வித்தியாசம். அது எங்கே நின்றாலும் 3-ஐத் தாண்டாது. அப்படியானால் |x − 4| என்பதும் 3-க்கு மிகக் கூடாது. X 1-க்கும் 7-க்கும் இடையில்தான் இருக்க முடியும். அந்த இடம் முழுவதும் 1-ஆம் ஊரிலோ அதற்கு வலப்புறத்திலோ இருப்பதால் வித்தியாசமும் சரியாக 3. விடை உடனே வந்துவிடுகிறது. அழகான வழிதான், ஆனால் எண்கள் இப்படி அமைந்ததால் கிடைத்தது. வேறு எண்கள் வந்தால் பெரும்பாலும் வெட்டித்தான் தீர்க்க வேண்டும்.

மறுநாள் அந்தப் பெண் கணக்கைத் திரும்பப் போட்டுக்கொண்டு வந்தாள். நான்கு துண்டுகளுக்கும் நான்கு சின்ன எண்கோடுகள் வரைந்து, துண்டின் எல்லையைப் பென்சிலிலும் வந்த விடையைப் பேனாவிலும் குறித்திருந்தாள். முதல் இரண்டில் பென்சிலும் பேனாவும் எங்குமே ஒன்றன்மேல் ஒன்று விழவில்லை.